டப்பிங் படமா? க்ளோஸ்-அப்பில் உதட்டைக் கவனிங்க!

தெலுங்குப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கும்போது சில இடங்களில் வாயும் வசனமும் ஒட்டாத மாதிரி தோணுதா? அது பெரும்பாலும் க்ளோஸ்-அப், அதாவது முகம் மட்டுமே திரையை நிறைக்கும் ஷாட்.

ப, ம சொல்ல உதடு மூடியே ஆகணும். நடிகர் 'அம்மாயி' என்கிறார்; உதடு நடுவில் மூடுது. தமிழில் 'பொண்ணு' என்றால் தொடக்கத்திலேயே மூடணும், அதனால் ஒட்டாது. 'அம்மணி' கச்சிதமாகப் பொருந்தும். என்ன, கோயம்புத்தூர் வாடை அடிக்கும்!

கட், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், இங்கே கைகொடுக்கும். கேட்பவர் முகத்துக்குக் கட் ஆனதும் பேசுபவரின் வாய் தெரியாது. வசனகர்த்தா நீளமான வரியை அங்கே நுழைத்துவிடுவார்.

மாண்டேஜில், பாட்டோடு காட்சித் துண்டுகள் வரிசையாக ஓடும்போது, யாரும் வாயசைக்கலைன்னா இந்தத் தலைவலியே கிடையாது.