லைக் போட்டவருக்கே போஸ்ட் போகாத கதை: பேஜ் ரீச் ஏன் சரிந்தது?

இந்த எபிசோடை ஒரு பிரிவுக் கடிதத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். காதல் கடிதம் இல்லை. ஒரு கம்பெனி ஃபேஸ்புக்குக்கு எழுதிய கடிதம்.

2014 மார்ச் கடைசி. கலிஃபோர்னியாவில் ஈட்24 என்று ஒரு உணவு டெலிவரி கம்பெனி. அவர்களுடைய ஃபேஸ்புக் பேஜுக்கு கிட்டத்தட்ட 70,000 லைக் இருந்தது. ஒருநாள் தங்கள் வலைப்பதிவில், 'நாம பிரிஞ்சுடலாம்' என்கிற தொனியில் ஃபேஸ்புக்குக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சாரம் இதுதான்: எங்க போஸ்ட் வேணும்னு சொல்லித்தானே இவ்வளவு பேர் லைக் போட்டாங்க, அப்புறம் ஏன் அதை அவங்களுக்குக் காட்ட மாட்டேங்கிற? சொன்னபடியே பேஜை மூடியும் விட்டார்கள்.

ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த ஒருவர் இதற்குப் பதில் எழுதினார். என் ஃப்ரெண்டுக்குக் குழந்தை பிறந்திருக்கு, இன்னொரு ஃப்ரெண்ட் வீட்டில் செய்த கப்கேக்கைப் படம் போட்டிருக்கார், ஜனங்களுக்கு உங்க சாப்பாட்டுப் படத்தைவிட இதுதான் முக்கியம் என்று அவர் சொன்னார்.

ரெண்டு பக்கமும் சொன்னதில் உண்மை இருக்கு. அந்த ரெண்டு உண்மையும் எங்கே மோதுகின்றன என்பதுதான் ஆர்கானிக் ரீச் சரிந்த வரலாறு. ஆர்கானிக் ரீச் என்றால், விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் ஒரு போஸ்ட் எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்ற எண்ணிக்கை.

முதலில் காலவரிசை. நியூஸ் ஃபீட் வந்தது 2006 செப்டம்பரில். பிசினஸ்களுக்கான பேஜ் வந்தது 2007 நவம்பரில். அப்போது லைக் கிடையாது, ஒரு பேஜுக்கு 'ஃபேன்' ஆக வேண்டும். 2010-ல்தான் அது லைக் ஆனது. அந்த வருஷமே ஃபீடை எப்படி வரிசைப்படுத்துகிறோம் என்று ஃபேஸ்புக் வெளிப்படையாகச் சொன்னது. எட்ஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர். மூணே மூணு விஷயம்தான்: போஸ்ட் போட்டவரோடு உங்களுக்கு எவ்வளவு நெருக்கம், அந்தப் போஸ்டில் நடந்த செயலுக்கு எவ்வளவு எடை (லைக்கைவிட கமென்ட்டுக்கு அதிகம்), அது எவ்வளவு பழசு. மூணையும் பெருக்கி, கூட்டி, வரிசைப்படுத்துவார்கள்.

இதில் ஒண்ணைக் கவனிங்க. நீங்க லைக் போட்டுட்டீங்க என்பதால் அந்தப் பேஜின் போஸ்ட் உங்களுக்குக் கட்டாயம் வரும் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. பிசினஸ்காரர்கள் லைக்கைப் பத்திரிகைச் சந்தா மாதிரி நினைத்தார்கள். கோடு எழுதியவர்களுக்கு அது வரிசைக்கு உதவும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஃபீடில் கூட்டம் குறைவாக இருந்தவரை இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை.

2012 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கே ஒரு எண்ணைச் சொன்னது: ஒரு பேஜின் போஸ்ட் சராசரியாக அதன் ஃபேன்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் போகிறது. அந்த மே மாதமே கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. காசு கொடுத்துப் போஸ்டை அதிகம் பேருக்குக் காட்டும் வசதியும் அதே சமயத்தில் வந்தது. அடுத்து, விளம்பர நிறுவனமான ஓகில்வி நூற்றுக்கு மேற்பட்ட பிராண்டு பேஜ்களை எடுத்துப் பார்த்தது. 2013 அக்டோபரில் சுமார் 12 சதவீதமாக இருந்த ரீச், 2014 பிப்ரவரியில் சுமார் 6 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு மேல் லைக் இருந்த பெரிய பேஜ்களுக்கு 2 சதவீதம் அளவுதான். ஈட்24 கடிதம் எழுதியது இதற்கு அடுத்த மாதம்.

ஏன் இப்படி ஆச்சு? 2014 ஜூனில், ஃபேஸ்புக் விளம்பரப் பிரிவில் இருந்த பிரையன் போலண்ட் ஒரு விளக்கம் எழுதினார். ஒருவர் உள்ளே வரும்போது அவருக்குக் காட்டத் தகுந்ததாகச் சராசரியாக 1,500 போஸ்ட் காத்திருக்கும். நிறைய நண்பர்களும் நிறைய பேஜ்களும் வைத்திருப்பவருக்கு அது 15,000 வரை போகும். ஃபீட் அதில் சுமார் 300-ஐத் தேர்ந்தெடுத்துக் காட்டும். ஒருவர் லைக் போட்டிருக்கும் பேஜ்களின் எண்ணிக்கையும் ஒரே வருஷத்தில் 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது.

இப்போ வகுத்துப் பாருங்க. 1,500-ல் 300 என்றால் 20 சதவீதம். 15,000-ல் 300 என்றால் 2 சதவீதம். யாரும் எந்தச் சதியும் செய்யாவிட்டாலும், மனுஷன் ஸ்க்ரோல் பண்ணும் நேரம் கூடாமல் போஸ்ட் மட்டும் பத்து மடங்கு ஆனால், ஒவ்வொரு போஸ்டின் வாய்ப்பும் பத்தில் ஒரு பங்காகும்.

அப்போ காசுக்காக இல்லையா? இல்லை என்றுதான் போலண்ட் எழுதினார். நான் அதைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். கூட்டம் மெல்ல மெல்லத்தான் சேரும். அதனால் வரும் சரிவும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நடந்தது படிக்கட்டு மாதிரி. விளம்பர நெடி அடிக்கும் பேஜ் போஸ்ட்களைக் குறைப்போம் என்று 2014 நவம்பரில் அறிவித்து, 2015 ஜனவரியில் இருந்து குறைத்தார்கள். 2016 ஜூனில், நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் முதலிடம் என்றார்கள். 2018 ஜனவரியில், மனிதர்களுக்கு இடையே பேச்சை உண்டாக்கும் போஸ்ட்களுக்கே முன்னுரிமை, பேஜ்களின் ரீச் குறையலாம் என்று நேராகவே சொன்னார்கள். இதெல்லாம் கூட்டத்தால் தானாக வந்த விளைவு இல்லை. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

இதற்குத் தெளிவான சாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. 2017 அக்டோபரில் ஃபேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது: இலங்கை, கம்போடியா, ஸ்லோவாக்கியா, செர்பியா, பொலிவியா, குவாத்தமாலா. காசு கொடுக்காத பேஜ் போஸ்ட்களை மெயின் ஃபீடில் இருந்து எடுத்து, 'எக்ஸ்ப்ளோர்' என்ற தனி ஃபீடில் போட்டார்கள். மெயின் ஃபீடில் நண்பர்களும் விளம்பரங்களும் மட்டும். ஸ்லோவாக்கியாவில் ஒரு பத்திரிகையாளர் கணக்குப் பார்த்தார். நாட்டின் பெரிய 60 ஊடகப் பேஜ்களுக்கு வந்த லைக், கமென்ட், ஷேர் எல்லாம் சேர்த்து நாலில் ஒரு பங்காகிவிட்டது. அந்த வாரம் அங்கே யாரும் பத்து மடங்கு போஸ்ட் போடவில்லை. எங்கேயோ ஒரு கான்ஃபிக் மாறியது, அவ்வளவுதான். இலங்கையில் பேஜை நம்பிக் கடை நடத்தியவரிடமும் செய்தி போட்டவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் சோதனையைக் கைவிட்டார்கள்.

ஆக, சரிவுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு கூட்டம், இன்னொண்ணு விதி மாற்றம். ஸ்ட்ராட்டஜி என்று யோசித்தால் இந்த ரெண்டையும் தனித்தனியாகப் பார்க்கணும்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். எண்கள் கற்பனைதான். ஒரு துணிக்கடை, விளம்பரம் செய்து லைக் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 10,000 லைக் சேர்க்கிறது. செலவு 1 லட்சம். இனிமே எந்தப் போஸ்ட் போட்டாலும் 10,000 பேருக்கு இலவசமாகப் போகும் என்பது கடைக்காரர் கணக்கு. ரீச் 16 சதவீதம் என்றால் 1,600 பேர், தலைக்குச் சுமார் 62 ரூபாய் ஆகிறது. 2 சதவீதம் என்றால் 200 பேர், தலைக்கு 500 ரூபாய். அவர் வாங்கிய பொருள் மாறவே இல்லை. அதன் மதிப்பை மட்டும் வேறு ஒருவர் மாற்றிவிட்டார். அதனால் லைக் எண்ணிக்கையைச் சொத்தாக எழுதி வைக்காதீங்க. வாடகைக் கடையில் நாம் அடித்த பெயின்ட் மாதிரிதான் அது.

உங்க பேஜ் ரீச் குறைஞ்சா முதலில் என்ன பார்க்கணும்? இன்சைட்ஸில் கடைசி 30 போஸ்ட்களை எடுங்க. அதற்கு முந்தைய 30-ஐயும் எடுங்க. சராசரி வேண்டாம், ஒரே ஒரு வைரல் போஸ்ட் அதைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைப் பாருங்க. பிறகு, பார்த்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் கமென்ட் போட்டாங்க, ஷேர் பண்ணாங்க என்று கணக்கிடுங்க. ரீச் குறைந்தும் இந்த விகிதம் அப்படியே இருந்தால், பெரும்பாலும் வெளியில் ஏதோ மாறியிருக்கு. கூட்டமாகவோ விதியாகவோ இருக்கலாம். போஸ்டை மாற்றி மாற்றிப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. விகிதமும் சேர்ந்து விழுந்தால், முதலில் உங்க போஸ்டைப் பாருங்க. அடுத்து, சலுகைக்காகவும் போட்டிக்காகவும் லைக் போட்டுவிட்டுப் போன ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்க. 'லைக் பண்ணுங்க, ஃப்ரெண்டை டேக் பண்ணுங்க' என்று கெஞ்சி விகிதத்தை ஏத்தலாம்னு நினைக்காதீங்க. அப்படிப்பட்ட போஸ்ட்களைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. ஃபீடில் சுமார் 15 சதவீதம், பயனர் பின்தொடராத கணக்குகளில் இருந்து சிபாரிசாக வருவது என்று 2022 ஜூலையில் ஸக்கர்பெர்க் சொன்னார். 2023 முடிவதற்குள் அது ரெண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்றார். அதாவது லைக் போட்டவருக்குப் போகாத போஸ்ட், உங்களைத் தெரியாத ஒருவருக்குப் போகலாம்.

அதனால் நடைமுறையில் ரெண்டு விஷயம் மாறுது. முதலாவது, ஒவ்வொரு போஸ்டும் முதல்முறை பார்ப்பவருக்குப் புரியணும். கடை எங்கே, என்ன விலை, எப்படி வாங்குவது என்பது அந்தப் போஸ்டிலேயே இருக்கணும். நேற்றைய போஸ்டின் தொடர்ச்சி என்று எழுதினால் அவருக்கு ஒண்ணும் புரியாது. ரெண்டாவது, திரும்பி வரும் வாடிக்கையாளரை ஃபீடை நம்பி விடாதீங்க. பில் போடும்போது சம்மதம் கேட்டு நம்பரோ மெயிலோ வாங்கி வையுங்க. அந்த 300 பேர் லிஸ்டை யாரும் நடுவில் புகுந்து வரிசைப்படுத்த மாட்டாங்க. ஆனால் தினமும் அனுப்பித் தொல்லை பண்ணினால் அங்கேயும் பிளாக் விழும். பண்டிகைத் தள்ளுபடி மாதிரி நிச்சயமாகப் போய்ச் சேர வேண்டிய செய்தி என்றால், விளம்பரச் செலவை ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் எழுதிடுங்க.

ஈட்24 என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பேஜை மூடியதால் கம்பெனி மூடவில்லை. அடுத்த வருஷம் யெல்ப் அதை 134 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்த விலை கிடைத்தபோது, மூடிய பேஜின் 70,000 லைக் கணக்கிலேயே இல்லை. ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர்களை அது ஏற்கனவே தன் சொந்த ஆப்பில் வைத்திருந்தது.