யாரிடம் சொல்கிறான்?

கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ‘ஹாம்லெட்’ போட முயன்றோம். எனக்குக் கிளாடியஸ் வேடம். அண்ணனைக் கொன்று, அவன் நாட்டையும் மனைவியையும் எடுத்துக்கொண்ட டென்மார்க் அரசன். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் அவனுக்கு ஐந்தாறு வரி உண்டு. மற்றவர்கள் மேடையில் நிற்கும்போதே, அவர்கள் காதில் விழாததுபோலப் பேச வேண்டிய வரிகள். நான் தரையைப் பார்த்து, வேதனை பொங்கும் முகத்தோடு முணுமுணுத்தேன். ஒத்திகை நடத்திய அண்ணன் கையைத் தட்டி நிறுத்தினார்.

“டேய், யாருகிட்ட சொல்றே?”

“எனக்குள்ளயே சொல்லிக்கிறேன்ணே.”

“நீ கொன்னது உனக்குத்தான் தெரியுமேடா. அதை எதுக்கு உனக்கே சொல்லிக்கணும்?”

என்னிடம் பதில் இல்லை. அந்த நாடகம் கடைசிவரை மேடை ஏறவும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அதற்கான தாமதமான பதில்.

முதலில் பெயர்கள். ஒரு பாத்திரம் மேடையில் தனியாக, அல்லது தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, நீளமாகப் பேசினால் அது சாலிலக்வி. தமிழில் தனிமொழி என்ற சொல் நிலைத்துவிட்டது. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே, அவருக்குக் கேட்காது என்ற ஒப்பந்தத்தில் சட்டென்று சொல்லிவிடுவது அசைட். பழைய தமிழ் நாடகப் புத்தகங்களில் ‘(தனக்குள்)’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்களே, அதுதான். இங்கே அதை ஒதுக்குமொழி என்று வைத்துக்கொள்வோம்.

பாத்திரத்தின் மனதைக் காட்டத்தான் நாடகாசிரியர் இவற்றைப் பயன்படுத்துகிறார் என்று பள்ளியிலிருந்தே படித்திருக்கிறோம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஒரு நாடகத்தில் எந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதை முடிவுசெய்யும் கருவிகள் இவை. அந்தக் கணக்கில் நமக்கும், அதாவது பார்வையாளருக்கும், ஒரு பங்கு உண்டு.

நான் சொதப்பிய அந்த ஐந்தாறு வரிகளையே எடுத்துக்கொள்வோம். அதுவரை கிளாடியஸ் கொலைகாரன் என்பதற்கு என்ன ஆதாரம்? ஓர் ஆவி வந்து சொன்னது, அவ்வளவுதான். அது தன் அப்பாவின் ஆவிதானா, தன்னைக் கெடுக்க வந்த பிசாசா என்று ஹாம்லெட்டுக்கே சந்தேகம். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் ஒரு தனிமொழியில் அதைச் சொல்கிறான். கொலையை ஒத்த ஒரு நாடகத்தை அரசன் முன் போட்டு அவன் முகத்தைக் கவனிக்கப்போவதாக முடிவெடுக்கிறான். அவனுடைய சந்தேகம்தான் நமது சந்தேகமும்.

அடுத்த காட்சியில் பொலோனியஸ் தன் மகள் ஒபீலியாவின் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து, படிப்பதுபோல் நடிக்கச் சொல்கிறார். பக்தி வேடம் போட்டுச் சாத்தானுக்கே சர்க்கரை பூசிவிடுகிறோம் என்று ஒரு பொதுக்கருத்தும் உதிர்க்கிறார். அவருக்கு அது வெறும் பேச்சு. கிளாடியஸுக்கோ சாட்டையடி. அவன் நம் பக்கம் திரும்பி, பூச்சுக்கு அடியில் இருக்கும் முகத்தைப்போல அழகிய சொற்களுக்கு அடியில் என் செயல் இருக்கிறது, இந்தச் சுமை தாங்கவில்லை என்கிறான். அடுத்த நொடி மறுபடி அரசனாகி, பொலோனியஸோடு ஒளிந்துகொள்ளப் போகிறான்.

ஹாம்லெட் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் விடை நமக்குக் கிடைத்துவிட்டது. இனி அந்த நாடகத்துக்குள் நாடகம் வரும்போது “இவன் கொன்றானா?” என்று நாம் கேட்கமாட்டோம். “இவன் மாட்டுவானா?” என்றுதான் கேட்போம். ஐந்தாறு வரி நம் கேள்வியையே மாற்றிவிடுகிறது.

இந்த வரிகள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. வரலாறே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. ‘ஹாம்லெட்’ முதலில் அச்சானது 1603இல். நாம் இன்று வாசிக்கும் நாடகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும் அளவுதான் அந்தப் பதிப்பு. நடிகர் யாரோ நினைவிலிருந்து ஒப்பித்ததா, முந்தைய வரைவா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தப் பதிப்பில் கிளாடியஸின் இந்த ஒதுக்குமொழி இல்லை. அங்கே பார்வையாளர் நாடகக் காட்சிவரை ஹாம்லெட்டோடு சேர்ந்து துப்பறிகிறார். அடுத்து வந்த நீண்ட பதிப்பில் அவர் ஹாம்லெட்டைவிட ஓரடி முன்னால் நிற்கிறார். கதை ஒன்றே, ஆனால் பார்க்கும் அனுபவம் வேறு.

சரி, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது என்பதை அந்தக் காலத்து ஜனங்கள் எப்படி நம்பினார்கள்? இதற்கு அரங்கைப் பார்க்க வேண்டும். 1599இல் குளோப் அரங்கைக் கட்டிய தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட், மறு வருடம் ஃபார்ச்சூன் என்ற அரங்கைக் கட்ட ஒப்பந்தம் போட்டார். அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. மேடை 43 அடி அகலம். முற்றத்தின் நடுப்பகுதிவரை அது நீண்டு வர வேண்டும். மூன்று பக்கமும் ஜனங்கள். ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடை விளிம்பில் கையை ஊன்றி நின்றபடி பார்க்கலாம். மேலே திறந்த வானம், பிற்பகல் வெளிச்சம். நடிகருக்கு ஜனங்களின் முகம் தெரியும்.

இந்த மேடையில் பின்சுவரோரம் நிற்பவருக்கும் விளிம்பில் நிற்பவருக்கும் நடுவே இருபதடிக்கு மேல் இருக்கலாம். விளிம்பில் நிற்பவருக்கும் முற்றத்து ஜனங்களுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். அங்கே ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசினால், அவர் பின்னால் நிற்பவரைவிட நமக்கு நெருக்கமானவர். சந்தைக்கடையில் வியாபாரி ஒரு கண்ணால் முதலாளியைப் பார்த்துக்கொண்டே நம்மிடம் விலையைக் குறைத்துச் சொல்வதுபோல. ‘ஒதுங்கி’ என்ற மேடைக்குறிப்புகளில் பெரும்பாலானவை ஷேக்ஸ்பியரின் பழைய அச்சுப் பிரதிகளில் கிடையாது. பின்னாள் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. யாரைப் பார்த்துச் சொல்வது என்று நடிகருக்குக் குறிப்பு தேவைப்படவில்லை.

இப்போது தனிமொழிக்கு வருவோம். “இருப்பதா, இறப்பதா” என்று தொடங்கும் புகழ்பெற்ற இடத்தை விட்டுவிட்டு, அதே மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்குப் போகலாம். நாடகத்துக்குள் நாடகம் முடிந்துவிட்டது. கிளாடியஸ் பதறி எழுந்து போனதை ஹாம்லெட் பார்த்துவிட்டான். இனி சந்தேகமில்லை.

கிளாடியஸ் தனியாக வருகிறான். முப்பத்தைந்து வரிக்கு மேல் பேசுகிறான். சகோதரனைக் கொன்றேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறான். ஆனால் கொலையால் கிடைத்த மகுடமும் ராணியும் இன்னும் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டே மன்னிப்பு வாங்க முடியுமா? பூமியில் நீதியை விலைக்கு வாங்கலாம், மேலே அது நடக்காது. இவ்வளவும் தெரிந்தே மண்டியிடுகிறான்.

ஹாம்லெட் பின்னாலிருந்து வருகிறான். வாளை உருவுகிறான். இப்போது அவனுடைய தனிமொழி. இவன் ஜெபத்தில் இருக்கிறான், இப்போது கொன்றால் சொர்க்கத்துக்கல்லவா போவான்? என் அப்பாவோ பாவமன்னிப்புப் பெற நேரமில்லாமல் செத்தார். இவன் குடிபோதையில், கோபத்தில் இருக்கும்போது கொல்கிறேன். வாளை உறையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

கிளாடியஸ் எழுந்திருக்கிறான். இன்னும் இரண்டே வரி. சொற்கள் மேலே போயின, மனம் கீழேயே கிடக்கிறது, மனமில்லாத சொல் சொர்க்கம் சேராது என்கிறான். அதாவது, ஜெபம் நடக்கவே இல்லை! ஹாம்லெட் கொல்லாமல் விட்டதற்குச் சொன்ன காரணம் பொய்த்துப்போனது.

ஒரே மேடை. சில அடி இடைவெளியில் இரண்டு பேர். இருவரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. முழு உண்மையும் தெரிந்தவர்கள் நாம் மட்டும். தெரிந்து என்ன பயன்? கத்த முடியாது. நாடகம் தொடங்கியபின் இதுவரை ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த காட்சியில் திரைக்குப் பின்னால் அசைவது அரசன் என்று எண்ணி ஹாம்லெட் பொலோனியஸைக் குத்துகிறான். அங்கிருந்து ஒபீலியா, ராணி, லேயர்ட்டீஸ், கடைசியில் ஹாம்லெட் என்று சாவுகள் வரிசையாக வருகின்றன. இந்த இரண்டு தனிமொழிகளையும் ஓர் உரையாடலாக எழுதியிருந்தால் அந்தப் பாரம் நம்மேல் இறங்கியிருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தனிமொழியில் பாத்திரம் நம்மிடம் வேண்டுமென்றே பொய் சொல்லாது என்பது அக்காலத்தின் பொதுவான வழக்கம். ஆனால் தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். கொல்லாததற்கு ஹாம்லெட் சொல்லும் காரணத்தை 18ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன் அப்படியே நம்பினார். எதிரியின் ஆன்மாவையும் நரகத்துக்கு அனுப்ப நினைக்கும் கொடூரம் அவரைத் திகைக்கவைத்தது. பிறகு வந்த கோல்ரிட்ஜுக்கு அது வெறும் சாக்கு, தள்ளிப்போடுபவன் கண்டுபிடித்த நியாயம். தனிமொழி பாத்திரம் நம்புவதைத் தருகிறது. அந்த நம்பிக்கை சரியா என்பதை மேடையில் நடப்பதை வைத்து நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. அகப்பாடலில் தலைவன் தன் நெஞ்சோடு பேசும் துறை நமக்குப் பழக்கமானது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கூத்துக்குரிய சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். நெஞ்சோடு கூறுவது, கேட்பவருக்கு உரைப்பது, தானே கூறுவது. ‘யாரிடம்’ என்ற கேள்வியை வைத்துத்தான் அவரும் வகை பிரித்திருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தாமே அந்த வேடத்தில் நடித்தபோது, தமிழ் மேடைக்கு இந்த மரபு புதிராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

அப்புறம் அரங்கு மாறியது. மேடை சட்டம் போட்ட படம்போல ஆகி, பார்வையாளர் இருட்டுக்குள் போனார். முகம் தெரியாத இருட்டிடம் யார் ரகசியம் சொல்வார்? 1869இல் இப்சன் ‘இளைஞர் கழகம்’ எழுதியபோது அதில் தனிமொழியோ ஒதுக்குமொழியோ ஒன்றுகூட இல்லை என்று பெருமைப்பட்டார். 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் ‘ஹாம்லெட்’டைப் படமாக்கியபோது, தனிமொழிகளின் சில பகுதிகளில் உதடு அசையாமல் குரல் மட்டும் ஒலித்தது. சொல்லப்பட்ட பேச்சு, ஒட்டுக்கேட்ட எண்ணமாக மாறிவிட்டது. நானும் அன்று தரையைப் பார்த்து முணுமுணுத்தது அந்தப் படத்தின் வாரிசாகத்தான்.

இப்போது அந்த ஒத்திகை திரும்பக் கிடைத்தால் தரையைப் பார்க்கமாட்டேன். விளிம்புவரை நடந்து வந்து, முதல் வரிசையில் இருக்கும் ஒருவரின் கண்ணைப் பார்த்து, ஆமாம், நான்தான் கொன்றேன் என்பதுபோல அந்த வரிகளைச் சொல்வேன். அதன்பின் அவர் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பது அவர் பாடு.