பெய்ரூத்தில் அப்போது மணி என்ன?

லினக்ஸ் டெர்மினலில் இதை அடித்துப் பாருங்கள்:

```
TZ=Asia/Beirut date -d '2023-03-27 07:00 UTC' +'%H:%M %Z'
```

`10:00 EEST` என்று வரும். ஆனால் லெபனான் அரசின் கணக்குப்படி அந்த நொடியில் பெய்ரூத்தில் மணி 9. கம்ப்யூட்டர் தப்பா சொல்லுதா? அந்தக் கதைதான் இது.

லெபனானில் மார்ச் கடைசி ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். யுடிசி+2 என்பது +3 ஆகிவிடும். 2023-இல் அது மார்ச் 26. அதற்கு மூன்றே நாள் முன்பு, வியாழக்கிழமை, பிரதமர் நஜீப் மிகாத்தி அதை ஏப்ரல் 20 நள்ளிரவுக்குத் தள்ளிவைத்தார். ரமலான் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பழைய நேரமே நீடித்தால் கடிகாரப்படி நோன்பு ஒரு மணி நேரம் முன்னதாக முடியும். மரோனைட் திருச்சபை இதை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சிகளும் ஏற்கவில்லை. ஞாயிறு காலை ஒரே ஊரில் இரண்டு மணி.

இப்போ போனுக்கு வருவோம். போனுக்கு நேரம் தெரிவது இரண்டு துண்டுகளாக. ஒன்று, உலகப் பொது நேரமான யுடிசி. இது நெட்வொர்க்கிலிருந்து வருகிறது. இன்னொன்று, அதோடு எத்தனை மணி கூட்டுவது என்ற விதி; இது `tzdata` என்ற கோப்பில் போனுக்குள்ளேயே இருக்கிறது. அரசு மாற்றியது இந்த இரண்டாவதை. கோப்பைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் அன்றைக்கே `2023b` பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அது போன் கம்பெனி, அப்டேட், ரீஸ்டார்ட் எல்லாம் தாண்டி நம்ம கைக்கு வர மூன்று நாள் போதாது. அதனால் பல போன்கள் பழைய விதிப்படி ஞாயிறு பிறந்ததும் தானாகத் தாவிவிடும் நிலை. நாட்டின் இரண்டு மொபைல் நிறுவனங்களும் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பின.

இதில் ஒரு பொறி உண்டு. அணைத்தபின் +2 உள்ள வேறு ஊரின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இல்லை. மண்டலத்தை +3-லேயே விட்டுவிட்டு முள்ளை மட்டும் ஒரு மணி பின்னால் நகர்த்தினால், போனின் யுடிசியே ஒரு மணி நேரம் பிசகிவிடும். உடனே தெரிகிற அறிகுறி, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி ஆப். திரையில் மணி சரியாக இருக்கும், ஓடிபி மட்டும் செல்லாது.

சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் ஓடும், அதனால் அவற்றின் கடிகாரம் அசையாது. அங்கே அடிபடுவது எதிர்காலம். லெபனானில் ஏப்ரல் 3 காலை 10 மணிக்கு ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 20-இல் பதிவு செய்தபோது விதி +3. சர்வர் அதை 07:00 யுடிசி என்று சேமித்தது. `2023b` ஏறியதும் விதி +2 ஆனது. அதே பதிவு திரையில் 9 மணி என்று காட்டும். அந்த நிலையில் இன்னொருவர் அதே நாளில் 10 மணிக்குப் பதிவு செய்கிறார். அது 08:00 யுடிசி.

மார்ச் 27 திங்களன்று அமைச்சரவை கூடி முடிவைத் திரும்பப் பெற்றது. புதன் நள்ளிரவிலிருந்து கோடை நேரம். மறுநாள் `2023c` வந்தது. இப்போ முதல் பதிவு மறுபடியும் 10 மணி. இரண்டாவது பதிவு? 11. அந்த நபர் சொன்னது 10 மணிதான் என்பதை 08:00 என்ற எண்ணை மட்டும் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்டேட் தவறு செய்யவில்லை. சேமித்த விதம்தான் தவறு. நடந்து முடிந்ததற்கு யுடிசி போதும். வரப்போவதற்கு, சொன்ன வார்த்தையை அப்படியே, `2023-04-03 10:00` என்றும் `Asia/Beirut` என்றும் சேமித்து, யுடிசியைத் தேவைப்படும்போது கணக்கிட வேண்டும். இன்னொன்றும் கவனிக்கணும்: ஜாவா தனக்கென்று தனி `tzdata` நகல் வைத்திருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் அப்டேட் செய்தால், ஒரே சர்வர் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லும்.

முதலில் அடித்த கட்டளைக்கு வருவோம். `2023c` அந்த நாலு நாள் குழப்பத்தைப் பதியவில்லை; பழைய விதிக்கே திரும்பிவிட்டது. மார்ச் 26-லேயே கோடை நேரம் தொடங்கியதாகத்தான் இன்றைக்கும் எல்லா மெஷினும் சொல்லும். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றபோது எதை எழுதினாலும் பாதிப் பேருக்குத் தப்புதான். ஆனால் அந்த நாட்களின் லெபனான் அரசு ஆவணம் ஒன்றில் காலை 9 என்று பார்த்தால், உங்கள் நிரல் அதை 06:00 யுடிசி ஆக்கும். உண்மையில் அது 07:00 ஆக இருக்கலாம். எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது கோப்பில் இல்லை.