கட்டளையிலிருந்து அழைப்புக்கு: இலங்கையின் பிணக்குத் தீர்வில் ஒரு கடிதத்தின் வரலாறு

இரண்டு பேருக்கிடையில் பிணக்கு முற்றினால், மூன்றாமவர் ஒருவர் இருவரையும் கூப்பிட்டுத்தான் பேச வைக்க வேண்டும். அந்தக் கூப்பிடுதல் எப்படி நடந்தது என்பதைப் பின்தொடர்ந்து போனால், நமது நாட்டின் பிணக்குத் தீர்வு வரலாற்றில் ஒரு முக்கியமான மாற்றம் புலப்படும். தீர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் பலர். தீர்ப்புக்கு முன் வீட்டுக்கு வருகிற துண்டுக் கடிதத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடிகளும், குடிக்கொரு மரைக்காரும் இருந்தனர். பள்ளிவாசல் நிருவாகமும் ஊர்ப் பிணக்குகளும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அங்கே அழைப்பு பெரும்பாலும் வாய்மொழிதான். "பள்ளிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார். எதற்கு, எத்தனை மணிக்கு, யார் முறைப்பாடு சொன்னது என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. கேட்டவர் வீட்டில் அன்றிரவு யாருக்கும் நித்திரை வராது. போகாமல் விட்டால் குடிக்கு அவமானம். போனால் ஏற்கெனவே குற்றவாளி போல நிற்க வேண்டும். மரைக்கார் நீதியானவராக இருந்தாலும், அழைப்பின் வடிவம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அரசின் பக்கத்திலும் இதே கதைதான். 1871 ஆம் ஆண்டின் கிராம சமூகக் கட்டளைச் சட்டம் பழைய கம்சபாவைக் கிராம நியாய சபையாக உயிர்ப்பித்தது. அதன் அழைப்பு நீதிமன்ற அழைப்பாணையின் சாயலில் இருந்தது. 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க இணக்க சபைச் சட்டம் வேறொரு நோக்கத்தோடு வந்தது. வழக்காடுவதற்கு முன் சமரசம் முயலப்பட வேண்டும், முடியாவிட்டால் அதற்கான சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் உறுப்பினர் நியமனம் நீதி அமைச்சரின் கையில் இருந்தது. ஆளுங்கட்சிக்காரரே சபையில் அமர்கிறார் என்ற குற்றச்சாட்டு பல ஊர்களில் எழுந்தது. கடிதத்தில் எவ்வளவு மரியாதையான சொல் இருந்தாலும், கீழே கையொப்பமிட்டவர் எதிர்க்கட்சிக்காரனுக்கு நடுவராகத் தெரியவில்லை. 1978 இல் அந்தச் சபைகள் ஒழிக்கப்பட்டன.

அந்தப் பாடத்தை வைத்துத்தான் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் எழுதப்பட்டது. நியமனம் அமைச்சரிடமிருந்து எடுக்கப்பட்டு, ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கப்பட்டது. 25,000 ரூபாவுக்குட்பட்ட சொத்து, கடன் பிணக்குகளுள் பெரும்பாலானவை முதலில் சபைக்கே போக வேண்டும் என்றது சட்டம். இந்த எல்லை பின்னர் உயர்த்தப்பட்டது. நமது கதைக்கு முக்கியமானவை வேறு சில ஏற்பாடுகள். வாதி, பிரதிவாதி என்ற பிரிப்பு அங்கே இல்லை. இரு பக்கத்தாரையும் சட்டம் ஒரே சொல்லால்தான் குறிக்கிறது. இரு தரப்பும் மத்தியஸ்தர் குழாத்திலிருந்து ஆளுக்கொருவரைத் தெரிவுசெய்ய, மூன்றாமவரை அந்த இருவரும் தெரிவுசெய்கிறார்கள். கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர் வர வேண்டும் என்ற குர்ஆனிய ஏற்பாட்டை அறிந்த நமக்கு இது புதிதல்ல. சட்டத்தரணி வர முடியாது. சபையில் சொன்ன பேச்சை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது. ஒருவர் வராவிட்டால் தண்டனை இல்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வழங்கப்படும், அவ்வளவுதான். இப்படித்தான் கட்டளை அழைப்பாக மாறியது.

ஆனால் சட்டம் மாறினாலும் கடிதம் தானாக மாறாது. ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வளவுகளுக்கு இடையில் ஒரு வேலி. பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு மூன்றடி பிடித்துவிட்டார் என்று ஒருவர் விண்ணப்பிக்கிறார். எழுதுபவர் அவசரத்தில் அந்த வாசகத்தையே எடுத்து, "நீங்கள் மூன்றடி காணியைப் பிடித்தது சம்பந்தமாக விசாரணைக்குச் சமுகமளிக்கவும்" என்று எழுதிவிடுவார். ஒரே வரியில் மூன்று தவறு. பிடித்தார் என்பது இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. விசாரணை என்பது நீதிபதியின் வேலை. "சமுகமளிக்கவும்" என்பது கட்டளை. இந்தக் கடிதம் கிடைத்தவர் வந்தாலும் கோபத்தோடுதான் வருவார். அல்லது மச்சான்மார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

அதையே இப்படி எழுதலாம்:

"அன்புடையீர், உங்கள் இருவரின் வளவுகளுக்கும் இடையிலுள்ள வேலி எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பது பற்றிப் பேசித் தீர்க்க, ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு சபைக் கூட்டத்துக்கு வருமாறு அழைக்கிறோம். இதே கடிதம், இதே வாசகத்தோடு, இன்றே மற்றத் தரப்புக்கும் அனுப்பப்படுகிறது. கூட்டம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நடக்கும். அந்த நேரம் வசதிப்படாவிட்டால் முன்கூட்டி அறிவியுங்கள். இருவருக்கும் பொருந்தும் நாள் பார்க்கப்படும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பின்னர் அவருக்கும் அதே அளவு நேரம் தரப்படும். காணி உறுதி, நில அளவைப் படம் இருந்தால் கொண்டுவாருங்கள். சட்டத்தரணிகள் பங்குபற்ற முடியாது. அங்கு பேசுவது நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. தீர்வை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம்."

இந்தக் கடிதத்தில் யார் முறைப்பாட்டாளர், யார் எதிராளி என்று கண்டுபிடிக்க முடியாது. பெயர்களை இடம் மாற்றிப் போட்டாலும் ஒரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்காது. நடுநிலையைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. நேரமும் அப்படித்தான். ஒரு தரப்பு மீன்பிடிக்குப் போகிறவராக இருந்தால், அவர் கடலில் நிற்கும் நேரத்தைக் குறித்து அனுப்பிவிட்டு, வரவில்லை என்று சான்றிதழ் எழுதுவது நியாயமாகாது. எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லாத அழைப்பும், ஆளைக் காத்திருக்க வைத்துக் களைக்கச் செய்யும்.

நல்ல கடிதத்துக்கும் எல்லை உண்டு. மூன்றடி யாருடையது என்ற உரித்தைச் சபை தீர்மானிக்க முடியாது. இருவரும் ஒத்துக்கொள்ளும் வேலியைத்தான் தேட முடியும். அடி வாங்கிய மனைவியையும் அடித்த கணவனையும் ஒரே மேசைக்கு, ஒரே வாசகத்தில் அழைத்தால், அந்தச் சமத்துவம் அவளை வாயடைக்கச் செய்யும். அங்கே தனித்தனியாக அழைத்துப் பேசுவதுதான் நடுநிலை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி கணவன் தலாக் சொல்லும் எண்ணத்தை முதலில் காதிக்கு அறிவிக்க வேண்டும். காதியார் உறவினர், ஊர்ப் பெரியோர் துணையோடு 30 நாட்களுக்குள் சமாதானம் முயல வேண்டும். அந்த முயற்சிக்கு மனைவிக்குப் போகும் கடிதம் அவளைக் குற்றவாளியாக அழைக்கிறதா, பேச அழைக்கிறதா என்பதில் அந்த 30 நாட்களின் பயன் பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

மஹல்லா தோறும் சமாதானக் குழு அமைக்கிற நமது பள்ளிவாசல்கள், கூட்டக் குறிப்புகளைப் பாதுகாக்கின்றன. அனுப்பிய அழைப்புகளின் பிரதிகளையும் ஒரு கோவையில் சேர்த்து வைக்கலாம். இன்னொரு தலைமுறை ஆய்வாளன் வந்து பார்க்கும்போது, நாம் ஒருவரையொருவர் எந்தத் தொனியில் கூப்பிட்டோம் என்பதை அந்தக் கோவைதான் அவனுக்குச் சொல்லும்.