கொலரில் ஏறிய கௌரவம்

முல்லைப்பாட்டைப் படிப்பிக்கும்போது 'மெய்ப்பை' என்ற சொல்லில் நான் சற்றுத் தாமதிப்பது வழக்கம். பாசறையிலே நிற்கும் யவனரின் சட்டைக்கு நப்பூதனார் இட்ட பெயர் அது. மெய்யை இட்டு வைக்கும் பை! இதைவிடப் பொருத்தமாக அக்காலச் சட்டையை எவரும் வருணித்துவிட முடியாது. இன்று நாம் கந்தோருக்கு அணிந்து செல்லும் சேர்ட்டின் மூதாதையும் அத்தகைய ஒரு பைதான்.

ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாகச் சேர்ட்டைச் சதுரங்களாகவும் நீள்சதுரங்களாகவுமே வெட்டினார்கள். ஒரு நீண்ட லினன் துண்டைத் தோளிலே மடித்து, தலை நுழைய நடுவில் கீறினால் உடம்புப் பகுதி முடிந்தது. கைகளும் இரு நீள்சதுரங்களே. ஆனால் இப்படித் தைத்த சட்டையோடு கையை உயர்த்தினால் அக்குளிலே கிழியும். அதற்காக அவ்விடத்தில் சிறு சதுரத் துண்டொன்றை மூலைவாட்டிலே வைத்துத் தைத்தனர். மூலைவாட்டில் இழுபடும் துணி சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கையால் நூற்று நெய்த துணி விலை கூடியது. இந்த வெட்டிலே ஒரு விரற்கடைத் துணியும் வீணாவதில்லை. படிப்பறியாத கைகள் கண்ட கேத்திரகணிதம் இது என்பேன்.

அன்று சேர்ட் உள்ளாடை என்பதை நாம் மறத்தலாகாது. மேலே அணிந்த கம்பளி அங்கியையும் பட்டு அங்கியையும் தோய்க்க இயலாது. ஆகவே வியர்வையையும் அழுக்கையும் ஏற்று, தோய்ச்சலுக்குப் போய்வருவதே சேர்ட்டின் தொழில். வெளியே தெரிந்தவை கழுத்திலும் மணிக்கட்டிலும் எட்டிப்பார்த்த விளிம்புகள் மாத்திரமே. அவை வெண்மையாக இருந்தால், மாற்றிக்கட்ட வேறு சேர்ட்டுகளும் தோய்த்துக் கொடுக்க ஓர் ஆளும் உடையவர் இவர் என்று ஊர் அறிந்துகொண்டது. கொலரும் கஃப்பும் பிறந்தது அந்த விளிம்புகளிலேதான்.

ஆனால் முதலில் ஊத்தையாவதும் அதே விளிம்புகள். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ட்ரோய் நகரிலே, ஹன்னா மொன்டேகு என்ற இல்லத்தரசி 1827ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டதாகச் சொல்வர். கழுத்து மட்டும் அழுக்கான சேர்ட்டை முழுவதுமாகத் தோய்த்துச் சலித்த அவர், கணவரின் சேர்ட்டிலிருந்து கொலரை வெட்டி எடுத்துத் தனியே தோய்த்தாராம். விரைவிலே கழற்றி மாட்டும் கொலர் அந்நகரின் பெருந்தொழிலாயிற்று. 'கொலர் நகரம்' என்றே ட்ரோய் பெயர் பெற்றது.

இதனால் நன்மை பெற்றவர் சிறு சம்பளக்காரக் கிளார்க்கர். ஒரே சேர்ட்டைப் பல நாள் அணிந்துகொண்டு, முன்னும் பின்னும் தெறி பூட்டி அன்றாடம் புதுக் கொலர் மாட்டினால் போதும்; மை பட்ட கஃப்பையும் மாற்றிக்கொள்ளலாம். கோட்டுக்குள்ளே இருப்பதை யார் கண்டார்? கனவானின் அடையாளம் கந்தோர் மேசைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

அந்த வெண்மைக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. கொலர்கள் கடைக்குப் போகுமுன் அவற்றை வெளுத்து, கஞ்சியிட்டு, பலகைபோல் விறைக்கும்வரை ஸ்திரிக்கை போடவேண்டும். ட்ரோய் நகரில் இதைச் செய்தவர்கள் பெண்கள். பலர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். கொதிநீரும் இரசாயனங்களும் சூடேறிய இரும்பும் அவர்களின் கைகளைப் பொசுக்கின. 1864ஆம் ஆண்டு கேற் முலானி என்ற இளம்பெண்ணின் தலைமையில் ஏறத்தாழ முந்நூறு பெண்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்து, ஒரு வாரத்துக்குள் கூலியில் கால்வாசி உயர்வு பெற்றனர். 1869இல் மீண்டும் எழுந்தபோது முதலாளிமார் ஒன்றுபட்டு நின்றனர். வேலைநிறுத்தம் தோற்றது, சங்கமும் நிலைக்கவில்லை. 'வெள்ளைக் கொலர் உத்தியோகம்' என்று நாம் சொல்லும்போது அந்தக் கொலரை வெளுத்தவர்களை எண்ணுவதில்லை.

விறைத்த கொலரை வீழ்த்தியது முதலாம் உலகப்போர். 1914 முதல் 1918 வரை மென்மையான கொலரோடு பழகிய ஆண்கள், வீடு திரும்பியபின் கழுத்தை அறுக்கும் கஞ்சிக் கொலரை மறுபடியும் விரும்பவில்லை. கொலரைச் சேர்ட்டோடு சேர்த்துத் தைக்கும் வழக்கம் வலுத்தது. அப்போது வேறொரு சிக்கல் தோன்றியது. பருத்தித் துணி தோய்ச்சலில் சுருங்கும். உடம்புப் பகுதி அரை அங்குலம் சுருங்கினால் ஒருவரும் அறியார். கழுத்து அவ்வளவு சுருங்கினாலோ தெறி பூட்டவே இயலாது. ட்ரோய் நகரின் கொலர்க் கம்பனி ஒன்றைச் சேர்ந்த சான்ஃபோர்ட் க்ளூவெற் 1930ஆம் ஆண்டளவில் இதைத் தீர்த்தார். தறியிலும் ஆலையிலும் இழுத்து நீட்டப்பட்ட நூல், நனைந்ததும் தன் பழைய நிலைக்குத் திரும்புவதே சுருக்கம். ஆகவே இழுத்து விரித்த தடித்த பட்டி ஒன்றின்மேல் ஈரத்துணியைச் செலுத்தி, பட்டி சுருங்கும்போது துணியையும் உடன் நெருக்கி உலர்த்தினார். வெட்டுமுன்பே சுருங்கி முடிந்த துணி பிறகு சுருங்க இடமில்லை.

கொலர் சேர்ட்டோடு ஒட்டியதனால் பழைய வசதி ஒன்று போயிற்று. கொலர் நைந்தால் முழுச் சேர்ட்டுமே பழசாயிற்று. அதற்கும் தையற்காரர் ஓர் உபாயம் வைத்திருந்தனர். நைந்த கொலரை நுணுக்கமாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைத்துவிட்டால் சேர்ட் இன்னும் சில வருடம் கந்தோருக்குப் போய்வரும்.