செலாவணி நட்டமா, வேறு நட்டமா? ஏற்றுமதிக் கணக்கைத் தணிக்கையாளர் எப்படிப் பார்க்கிறார்?

சிங்கப்பூரில் ஒரு சிறிய நிறுவனம். சம்பல் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. விற்பது அமெரிக்க டாலரில், கணக்கு எழுதுவது சிங்கப்பூர் வெள்ளியில். ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தில் "செலாவணி நட்டம்" என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரியை யாரும் அவ்வளவாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். "டாலர் விலை இறங்கிடுச்சு, என்ன செய்றது?" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தணிக்கையாளர் முதலில் போய் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இதில் வரும் நிறுவனமும் விகிதங்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

எந்த நாளின் விகிதம்?

நிறுவனம் 100,000 அமெரிக்க டாலருக்குச் சரக்கு விற்கிறது. இன்வாய்ஸ் தேதி நவம்பர் 10. சரக்கு கப்பலில் ஏறியது நவம்பர் 15. ஒப்பந்தம் எஃப்ஓபி முறையில். அதாவது, சரக்கு கப்பலில் ஏறியதும் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும்.

அப்படியென்றால் விற்பனை நடந்த நாள் நவம்பர் 15. அன்றைய விகிதம் 1.34 என்றால், விற்பனை 134,000 வெள்ளி. இன்வாய்ஸ் அடித்த நாளின் விகிதத்தைப் போட்டிருந்தால் அது தவறு. தணிக்கையாளர் இன்வாய்ஸை மட்டும் பார்க்க மாட்டார். கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள தேதியையும், சிங்கப்பூர் நாணய வாரியம் வெளியிடும் அன்றைய விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்.

இந்த 134,000 வெள்ளி இனி மாறாது. பிறகு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் விற்பனைத் தொகையைத் தொடக் கூடாது.

டிசம்பர் 31 அன்று என்ன நடக்கும்?

நிதியாண்டு முடிகிறது. பணம் இன்னும் வரவில்லை. வரவேண்டிய கடன் டாலரில் இருப்பதால், அதை அன்றைய விகிதத்தில் மறுபடியும் கணக்கிட வேண்டும். இது சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரநிலை எஃப்ஆர்எஸ் 21 சொல்லும் விதி. விகிதம் 1.36 என்றால் கடன் 136,000 வெள்ளி ஆகிறது. கூடுதலாக வந்த 2,000 வெள்ளி, செலாவணி லாபமாக லாப நட்டக் கணக்கில் சேரும்.

பணம் கைக்கு வராமலேயே லாபமா? ஆமாம். அன்றைக்கு அந்தக் கடனின் மதிப்பு அதுதான்.

நட்டத்துக்குள் ஒளிந்திருந்தது என்ன?

ஜனவரி 20. பணம் வருகிறது, ஆனால் 96,000 டாலர்தான். அன்றைய விகிதம் 1.33. வங்கியில் சேர்ந்தது 127,680 வெள்ளி. புத்தகத்தில் இருந்தது 136,000. கணக்கு எழுதுபவர் வித்தியாசமான 8,320 வெள்ளியை முழுவதுமாகச் செலாவணி நட்டம் என்று எழுதிக் கடனை மூடிவிடுகிறார்.

இங்கேதான் தணிக்கையாளர் ஓர் எளிய கணக்கைப் போடுவார். விகிதம் 1.36-லிருந்து 1.33-க்கு இறங்கியிருக்கிறது. ஒரு டாலருக்கு 3 காசு. 100,000 டாலருக்கு 3,000 வெள்ளி. முழுத் தொகையும் வந்திருந்தாலும் விகிதத்தால் அதிகபட்சம் அவ்வளவுதான் போயிருக்க முடியும். அப்போ மீதி 5,320 வெள்ளி எங்கே?

4,000 டாலர் குறைவாக வந்ததுதான் காரணம். 4,000-ஐ 1.33-ஆல் பெருக்கினால் சரியாக 5,320.

அடுத்த கேள்வி, வாங்குபவர் ஏன் குறைத்தார்? கடிதங்களைத் தேடினால் டிசம்பர் 27 தேதியிட்ட ஒரு மின்னஞ்சல். தொழிற்சாலையில் சில பாட்டில்களின் மூடி சரியாக இறுகவில்லை, சம்பல் கசிந்துவிட்டது, 4,000 டாலரைக் கழிக்கிறோம் என்கிறார் வாங்குபவர். நிறுவனமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இது செலாவணி நட்டமே இல்லை. தரக் குறைவுக்குக் கொடுத்த தள்ளுபடி. அதுவும் போன ஆண்டைச் சேர்ந்தது. குறை சரக்கு ஏறும்போதே இருந்தது, ஆண்டு முடியும் முன்பே தெரிந்தும் இருந்தது. டிசம்பர் 31 அன்று வரவேண்டிய கடன் 96,000 டாலர்தான். 1.36 விகிதத்தில் அது 130,560 வெள்ளி. ஆக, அந்த ஆண்டின் லாபம் 5,440 வெள்ளி கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஜனவரியில் வந்த உண்மையான செலாவணி நட்டம் 2,880 வெள்ளி மட்டுமே.

சிறிய தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த லாபத்தைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது. அதைவிட முக்கியம், மூடி இறுக்கும் இயந்திரத்தில் கோளாறு இருப்பதை முதலாளி அறியாமலே போய்விடுவார். "டாலர்தான் காரணம்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

முன்பணம் வாங்கினால்?

இன்னொரு வாடிக்கையாளர் பிப்ரவரியில் அனுப்பவேண்டிய சரக்குக்கு 30,000 டாலர் முன்பணம் கொடுக்கிறார். வந்த நாளின் விகிதம் 1.35. புத்தகத்தில் 40,500 வெள்ளி.

ஆண்டு முடிவில் சில மென்பொருள்கள் டாலரில் உள்ள எல்லாக் கணக்குகளையும் ஒரே பொத்தானில் மறுமதிப்பீடு செய்துவிடும். முன்பணமும் 40,800 ஆகிவிடும். இது தவறு. நிறுவனம் திருப்பித் தரப்போவது டாலர் அல்ல, சம்பல். அதனால் அந்தப் பொறுப்பு 40,500-லேயே நிற்க வேண்டும். சரக்கு போகும்போது விற்பனையாக மாறுவதும் அதே தொகைதான்.

ஆனால் அந்த டாலர் வங்கிக் கணக்கில் அப்படியே இருந்தால், வங்கி இருப்பை மட்டும் 1.36-க்கு மாற்ற வேண்டும். அதில் 300 வெள்ளி லாபம் வரும். மென்பொருள் இரண்டையும் மாற்றிவிட்டால் லாபமும் நட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தவறு வெளியே தெரியாது. ஆர்டர் ரத்தாகி, பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலை வந்தால் கதை வேறு. அப்போது அது டாலர் கடன், மறுமதிப்பீடு செய்தாக வேண்டும்.

நீங்களே சோதிக்க முடியுமா?

முடியும். சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குத் தணிக்கை கட்டாயமில்லை என்பதால் இது இன்னும் பயன்படும். குடும்பக் கடையின் கணக்கைப் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்றால், செலாவணி வரியில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு எண்களைக் கேளுங்கள். எத்தனை டாலர் வந்தது? விகிதம் எவ்வளவு நகர்ந்தது? இரண்டையும் பெருக்குங்கள்.

விடை புத்தகத்தோடு பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் மீதிக்குக் காரணம் டாலர் இல்லை. அது வங்கிக் கட்டணமாக இருக்கலாம், தள்ளுபடியாக இருக்கலாம், யாரோ வசூலிக்க மறந்த பணமாகவும் இருக்கலாம். அதற்குரிய வரியில் எழுதும்வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.