பிரிட்ஜில் முதல் ஏலம்: புள்ளிக் கணக்கின் வரலாறு

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு பிரித்துக் கொடுத்ததும் ஏலம் நடக்கும். பாஸ் சொல்லாமல் யார் முதலில் கேட்கிறாரோ அவர் கேட்பதே முதல் ஏலம். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் தன் கைச்சீட்டைப் பற்றிச் சொல்ல அவருக்கு வேறு வழி கிடையாது. கையில் எவ்வளவு பலம் இருக்கிறது, ஓர் இனத்தைத் துருப்பாக்கி ஆடுவது நல்லதா, துருப்பே இல்லாத நோ டிரம்ப் நல்லதா என்ற இரண்டையும் அந்த ஒரே வாக்கில் அடக்கியாக வேண்டும். இதற்காக இன்று உலகெங்கும் ஆட்டக்காரர்கள் எண்ணுவது ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற கணக்கைத்தான். கட்டு முழுவதிலும் 40 புள்ளி. சராசரிக் கைக்கு 10.

இந்தக் கணக்கு கான்ட்ராக்ட் பிரிட்ஜைவிட மூத்தது. அதற்கு முந்தைய ஆக்ஷன் பிரிட்ஜ் காலத்தில், 1915இல், அமெரிக்காவைச் சேர்ந்த பிரையன்ட் மெக்கேம்பல் இதை அச்சில் வெளியிட்டார். 1920களில் இதை ஊரறியச் செய்தவர் ஃபிலடெல்பியா வழக்கறிஞர் மில்டன் வொர்க். அதனால் பல காலம் இதை வொர்க் கணக்கு என்றே சொன்னார்கள். அவர் இதை வகுத்துத் தந்தது நோ டிரம்ப் ஆட்டத்தை மதிப்பிட மட்டுமே. பின்னால் இந்த முறைக்கு வந்த ஒட்டு வேலைகள் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஆக்ஷன் பிரிட்ஜில் துல்லியமான கணக்குக்கு அவ்வளவு அவசரம் இல்லை. குறைவாகக் கேட்டுவிட்டு நிறையப் பிடி எடுத்தாலும் எல்லாம் கேமுக்குச் சேர்ந்துவிடும். 1925இல் பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தில் ஹரால்ட் வாண்டர்பில்ட் புதிய புள்ளி விதிகளைச் சோதித்துப் பார்த்தார். ஏலத்தில் கேட்ட பிடிகள் மட்டுமே கேமுக்குச் சேரும் என்பதுதான் அவற்றின் உயிர். அன்றிலிருந்து நோ டிரம்பில் ஒன்பது பிடி, ஸ்பேடிலோ ஹார்டிலோ பத்து, டைமண்டிலோ கிளப்பிலோ பதினொன்று என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்டால்தான் ஒரே ஆட்டத்தில் கேம். இரண்டு கைகளின் பலத்தை ஆடுவதற்கு முன்பே அளந்தாக வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

முதலில் வெற்றி கண்ட அளவுகோல் புள்ளிக் கணக்கு அல்ல. 1930இல் ஈலி கல்பர்ட்சன் வெளியிட்ட நூல், பெரிய சீட்டுகள் தாமாக எடுக்கக்கூடிய பிடிகளை எண்ணியது. ஒரே இனத்தில் ஏஸும் ராஜாவும் இருந்தால் இரண்டு, ஏஸும் ராணியும் இருந்தால் ஒன்றரை, தனி ஏஸுக்கு ஒன்று, துணையுள்ள ராஜாவுக்கு அரை. இரண்டரை தேறினால் முதல் ஏலம் கேட்கலாம். சேர்ந்திருக்கும் சீட்டுகள் பிரிந்திருப்பவற்றைவிடப் பலம் என்பதை இந்த முறை சரியாகவே பிடித்தது. ஆனால் அரையும் ஒன்றரையுமாகக் கூட்டுவது பொது ஆட்டக்காரருக்குச் சிரமமாக இருந்தது. சிறு பலங்கள் கணக்கில் விழாமலும் போயின.

வொர்க்கிடம் உதவியாளராக இருந்த இன்னொரு ஃபிலடெல்பியா வழக்கறிஞர் சார்ல்ஸ் கோரன், 1949இல் புள்ளிக் கணக்கை எல்லா ஏலங்களுக்கும் விரித்தார். அதற்கு அவர் ஓர் ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. துருப்பு ஆட்டத்தில் சீட்டே இல்லாத இனமும் ஒரு பலம். எதிரி அந்த இனத்தை இறக்கினால் துருப்பால் வெட்டிவிடலாம். டொரன்டோவைச் சேர்ந்த காப்பீட்டுக் கணக்கியலாளர் வில்லியம் ஆண்டர்சனின் யோசனையைக் கொண்டு, ஓர் இனத்தில் இரண்டே சீட்டு என்றால் 1, ஒரே சீட்டு என்றால் 2, ஒன்றுமே இல்லை என்றால் 3 என்று கோரன் சேர்த்தார். கூட்டி 13 வந்தால் கேட்கலாம், 14 வந்தால் கேட்டே ஆக வேண்டும். இருவர் கையும் சேர்ந்து 26 தேறினால் கேம் எட்டும்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக், 8, 5. ஹார்டில் ஏஸ், ராணி, 9, 3. டைமண்டில் வெறும் 6. கிளப்பில் ராணி, 7, 4. பெரிய சீட்டுகளுக்கு 8, 6, 2 என 16 புள்ளி. கூட்டாளியிடம் ஸ்பேடில் ராணி, 10, 6, 2. ஹார்டில் ராஜா, 7, 4. டைமண்டில் 8, 5, 3. கிளப்பில் ராஜா, ஜாக், 2. அவருக்கு 9. மொத்தம் 25தான்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மூன்று நோ டிரம்புக்குப் போனால் கதை முடிந்தது. எதிரிகளிடம் ஒன்பது டைமண்ட் இருக்கிறது. ஏஸிலிருந்து 9 வரை பெரியதெல்லாம் அவர்களிடம்தான். முதல் சீட்டே டைமண்டாக இறங்கினால் வரிசையாக ஐந்து பிடியை எடுத்துவிடுவார்கள், ஒன்பது பிடிக்கு வழியே இருக்காது. அதே கைகளில் ஸ்பேடைத் துருப்பாக்கினால் முதல் டைமண்டோடு அவர்கள் கை ஓய்ந்துவிடும், இரண்டாவதை வெட்டிவிடலாம். ஸ்பேடில் ஐந்து, ஹார்டில் மூன்று, கிளப் ஏஸை விட்டுக்கொடுத்தபின் கிளப்பில் இரண்டு என்று பத்து பிடி தேறுகிறது. ஒற்றை டைமண்டுக்குக் கோரன் தரும் 2 புள்ளியைச் சேர்த்தால் 27 வருகிறது. கேம் உண்டு என்று கணக்கே சொல்லிவிடுகிறது. ஏலமும் எளிது: ஒரு ஸ்பேடு, கூட்டாளி இரண்டு ஸ்பேடு, அடுத்து நான்கு ஸ்பேடு.

அதே 16 புள்ளி வேறு உருவில் வந்தால் முடிவு மாறும். ஸ்பேடில் ராஜா, ஜாக், 4. ஹார்டில் ஏஸ், ராணி, 3. டைமண்டில் ராஜா, 10, 6, 2. கிளப்பில் ராணி, ஜாக், 5. எந்த இனத்திலும் பள்ளம் இல்லை, எல்லாவற்றிலும் எதிரியைத் தடுக்க ஒரு சீட்டாவது இருக்கிறது. கோரன் காலத்தில் 16 முதல் 18 வரையும், இன்று பெரும்பாலும் 15 முதல் 17 வரையும் உள்ள இப்படிப்பட்ட சமமான கைதான் ஒரு நோ டிரம்ப். இதன் அருமை குறுகிய வரம்பில் இருக்கிறது. ஒரு ஸ்பேடு என்று கேட்டவரிடம் 12ம் இருக்கலாம், 20ம் இருக்கலாம்; அடுத்த சுற்றில்தான் தெரியும். ஒரு நோ டிரம்ப் என்றதும் கூட்டாளி தன் புள்ளியைக் கூட்டிப் பார்த்து ஒரே வாக்கில் முடிக்கலாம். நீண்ட இனமில்லாத சமமான கையில் 10 இருந்தால் மூன்று நோ டிரம்ப், 5 இருந்தால் பாஸ்.

வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. லண்டனில் 1930களில் உருவாகி, ஒரு தெருவின் பெயரைத் தாங்கிய ஏகால் முறையில், இன்று ஒரு நோ டிரம்ப் என்றால் பொதுவாக 12 முதல் 14. அப்படிப்பட்ட கை அடிக்கடி வரும், எதிரியின் ஏலத்துக்கும் இடைஞ்சல். ஆனால் கூட்டாளி வெறுங்கையாக இருக்கும்போது எதிரி டபுள் சொன்னால் பெரும் நஷ்டம். அமெரிக்காவில் எட்கர் கப்லனும் ஆல்ஃபிரட் ஷெயின்வோல்டும் இதே வரம்பை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பான்மையோர் வலுவான வரம்பிலேயே நின்றார்கள். 1950களில் அல்வின் ராத்தும் டோபயஸ் ஸ்டோனும் ஸ்பேடையோ ஹார்டையோ முதல் ஏலமாகக் கேட்க ஐந்து சீட்டு வேண்டும் என்று வலியுறுத்தியது, இனமா நோ டிரம்பா என்ற கேள்வியை மேலும் தெளிவாக்கியது. பிற்பாடு அமெரிக்காவில் அதுவே பொது வழக்கமானது.

கணக்கின் பிறவிக் குறை இன்னும் போகவில்லை. துருப்பு ஆட்டத்தில் ஏஸுக்கு 4 போதாது, துணையில்லாத ராணிக்கும் ஜாக்குக்கும் தருவது அதிகம். எல்லைக் கோட்டில் நிற்கும் கைகளுக்கு மார்ட்டி பெர்கன் பரப்பிய இருபது விதி உதவுகிறது: புள்ளியோடு மிக நீண்ட இரண்டு இனங்களின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்டி 20 வந்தால் கேட்கலாம். ஸ்பேடில் ஏஸ், ராணி, 10, 6, 3, ஹார்டில் ஏஸ், ஜாக், 8, 4, டைமண்டில் 7, கிளப்பில் 9, 5, 2 என்ற கைக்குப் புள்ளி 11தான். ஐந்தும் நான்கும் சேர்ந்து 20 ஆகிறது, ஒரு ஸ்பேடு கேட்கலாம். ராஜா, ராணி, ஜாக்குகளாகவே 12 புள்ளி சேர்ந்து, ஏஸ் ஒன்றுகூட இல்லாமல், நான்கு சீட்டுள்ள இனம் ஒன்றும் மும்மூன்று சீட்டுள்ள மற்ற மூன்றுமாக வந்தால் 19தான். வரம்பு 12இல் தொடங்கும் நோ டிரம்ப் ஆடாதவர்கள் அந்தக் கைக்குப் பாஸ் சொல்வதே சரி.